சார்ட்டில் ஒரு நேரம், கையில் ஒரு நேரம்: யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்ப்பது எப்படி?

கேள்வி: "கந்தப்பளையில சின்னதா ஒரு கொம்யூனிகேஷன் வச்சிருக்கேன். 650 வீஏ, 360 வொட் யூபிஎஸ், வாங்கி மூணு வருஷம். கூட வந்த தாள்ல 50 வொட்டுக்கு 45 நிமிஷம், 100க்கு 20, 200க்கு 8, 300க்கு 4, 360க்கு 3ன்னு இருக்கு. என் கொம்பியூட்டருக்கு எவ்வளவு நேரம்ன்னு இதுல எப்படிப் பாக்குறது? உள்ள இருக்கிறது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பெட்டரி. அந்தக் கணக்குப்படி அரை மணித்தியாலமாவது நிக்கணுமே? எனக்கு எட்டு நிமிஷத்துல எல்லாம் ஓஃப் ஆகுது. பெட்டரி போச்சா?"

பெட்டரி போய்விடவில்லை. ஆனால் போகும் வயதுக்கு வந்துவிட்டது. எட்டு நிமிடம் என்பது உங்கள் தாளோடு முரண்படும் எண்ணும் அல்ல. மூன்று வயதான பெட்டரிக்கு, கந்தப்பளைக் குளிரில், அந்தத் தாளைச் சரியாக வாசித்தால் ஏறக்குறைய எட்டுத்தான் வரும். எப்படி வருகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அதே வழியில் நாளைக்கு வேறு எந்த லோட் போட்டாலும் நேரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதலில் அந்த அரை மணித்தியாலக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வொட் மணி, அதை லோடால் வகுத்தால் நேரம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பெட்டரியின் மேல் எழுதியிருக்கும் 7 ஆம்பியர் மணி என்பது 20 மணித்தியாலம் மெல்ல மெல்ல, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. யூபிஎஸ் அப்படி எடுப்பதில்லை. 140 வொட் லோடுக்கு அது பெட்டரியிலிருந்து 14 ஆம்பியர் வரை உறிஞ்சும். ஈயத் தகட்டின் மேற்பரப்பில் இருக்கும் அமிலம் உடனே தீர்ந்துபோகும், உள்ளே இருக்கும் அமிலம் அங்கே ஊறி வருவதற்கு நேரம் கிடைக்காது. வோல்டேஜ் சட்டென்று இறங்கும், யூபிஎஸ்ஸும் நிறுத்திவிடும். பெட்டரிக்குள் மின்சாரம் மிச்சம் இருக்கும், அந்த வேகத்தில் வெளியே எடுக்கத்தான் முடியாது.

இது உங்கள் தாளிலேயே தெரிகிறது. 50 வொட் 45 நிமிடம் என்றால் வெளியே வந்தது 37 வொட் மணி சொச்சம். 100 வொட் 20 நிமிடம் என்றால் 33. 200 வொட் 8 நிமிடம் என்றால் 27. 360 வொட் 3 நிமிடம் என்றால் வெறும் 18. ஒரே பெட்டரிதான். லோட் ஏற ஏற அது தருகிற மொத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. 84 எங்கேயும் இல்லை. 12 வோல்டை 230 ஆக்கும்போது யூபிஎஸ் தானே தின்பதும் இந்தக் கழிவில் சேர்ந்ததுதான். ஆகவே பெட்டரியின் மேல் உள்ள எண்ணை வைத்து நேரம் கணிக்க வேண்டாம். தாளில் உள்ள எண்கள்தான் அளந்து எழுதியவை.

தாளை வாசிக்க உங்கள் லோட் எத்தனை வொட் என்பது வேண்டும். கொம்பியூட்டரின் பவர் சப்ளையில் 450 வொட் என்று ஒட்டியிருப்பது அது தாங்கக்கூடிய உச்சம், இழுப்பது அல்ல. சாதாரண கடைக் கொம்பியூட்டர் அதில் நாலில் ஒன்றைக்கூடத் தொடாமல் இருக்கலாம். பிளக்கில் மாட்டும் வொட் மீட்டர் கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்காவிட்டால் மின்சார சபை பூட்டிய டிஜிட்டல் மீட்டரே போதும். அதன் முகத்தில் 1600 imp/kWh போன்ற ஓர் எண் இருக்கும், பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அந்த விளக்கு எத்தனை தடவை சிமிட்டும் என்பதுதான் அந்த எண். எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், உங்களுடையதில் இருப்பதைப் பாருங்கள்.

கடையில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். போன் சார்ஜரைக்கூடக் கழற்றுங்கள். விளக்கு சிமிட்டாமல் நிற்கிறதா என்று ஓரிரு நிமிடம் பாருங்கள். பிறகு கொம்பியூட்டர், மொனிட்டர், ரவுட்டர் மூன்றையும் யூபிஎஸ்ஸில் அல்ல, நேரடியாகச் சுவர் பிளக்கில் போடுங்கள். யூபிஎஸ் வழியாகப் போட்டால் பெட்டரியைச் சார்ஜ் பண்ணுவதற்கு அது இழுப்பதும் சேர்ந்து கணக்கு ஏறிவிடும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலை எதுவோ, படம் திருத்துவதோ படிவம் நிரப்புவதோ, அதை ஓடவிட்டு மீட்டர் பக்கம் வாருங்கள். ஒரு சிமிட்டலைப் பூச்சியமாக வைத்துப் போனில் நேரத்தை ஓடவிடுங்கள். அதற்கு அடுத்த பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். பத்தால் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு எத்தனை விநாடி என்று வரும். கணக்கு இதுதான்:

```
W = 3600000 ÷ (imp × s)
```

இதில் imp மீட்டரில் உள்ள எண், s ஒரு சிமிட்டலுக்கான விநாடி. 1600 மீட்டரில் பத்துச் சிமிட்டலுக்கு 160 விநாடி எடுத்தால் ஒன்றுக்கு 16 விநாடி, லோட் 140 வொட். கொம்பியூட்டர் சும்மா இருக்கும்போது அதே விளக்கு 21 விநாடிக்கு ஒரு தடவைதான் சிமிட்டலாம். அப்போது லோட் 107 வொட். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நேரம் கணிக்கும்போது பெரியதையே பிடியுங்கள். கரண்ட் போகும் நேரம் வேலை நடுவில்தான் வரும். இனி உங்கள் லோட் 140 என்றே வைத்துப் பேசுகிறேன். உங்கள் எண் வேறாக வந்தாலும் வழி இதுவேதான்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தாளில் இருக்கும் லோட் வொட்டிலா, வீஏயிலா, வீதத்திலா? உங்களுடையது வொட் என்று சொல்கிறீர்கள், நல்லது. வீஏயில் தரும் தாளும் உண்டு. உங்கள் யூபிஎஸ்ஸில் 650 வீஏயும் 360 வொட்டும் ஒரே உச்சத்தைக் குறிப்பதால், அப்படிப்பட்ட தாளில் 140 வொட்டைத் தேடுவதென்றால் 250 வீஏக்குப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். வெறுமனே 140 என்று தேடினால் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்து ஏமாந்துபோவீர்கள்.

இப்போது 140ஐத் தாளில் தேடினால் அது இல்லை. 100க்கு 20 நிமிடமும் 200க்கு 8 நிமிடமும்தான் இருக்கின்றன. நூறு வொட்டுக்கு 12 நிமிடம் குறைகிறது, ஆகவே நாற்பது வொட்டுக்கு ஐந்து நிமிடத்தைக் கழித்து 15 என்று எழுதத் தோன்றும். அது கூடுதலான விடை. இந்தக் கோடு நேராக இறங்குவதில்லை. முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு படுத்துக்கொண்டு போகிறது. இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு எப்போதும் உண்மை வளைவுக்கு மேலேதான் இருக்கும். அதாவது இந்தப் பிழை ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். சில கம்பனிகள் வரைபடமாகத் தருகிறபோது இரண்டு பக்கக் கோடுகளிலும் 10, 100, 1000 என்று பத்து மடங்குப் படிகளைச் சம இடைவெளியில் போடுவது இதனால்தான். அப்படிப் போட்டால் வளைவு ஏறக்குறைய நேராகிவிடும், நடுவில் வாசிக்கலாம். அந்த மாதிரிப் படத்தில் 10க்கும் 100க்கும் சரி நடு 55 அல்ல, 32 என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

உங்களிடம் இருப்பது வெறும் எண்கள் என்பதால் அதையே போன் கல்குலேட்டரில் செய்யலாம். கூட்டிப் பாதியாக்காமல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 100ஐயும் 200ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 141. நேரத்துக்கும் அதையே செய்யுங்கள்: 20ஐயும் 8ஐயும் பெருக்கினால் 160, அதன் வர்க்கமூலம் 12.6. ஆகவே 141 வொட்டுக்கு 12½ நிமிடம். உங்கள் 140 அங்கேயே விழுகிறது. லோட் வேறு இடத்தில் இருந்தால் மீண்டும் ஒரு தடவை நடு எடுங்கள். 100க்கும் 141க்கும் நடு 119, நேரம் 20க்கும் 12.6க்கும் நடு, 16 நிமிடம். இரண்டு தடவைக்கு மேல் போக வேண்டியதில்லை. தாளில் உள்ள எண்களே முழு நிமிடமாக்கி எழுதியவை என்பதால் அதற்கு மேலான நுணுக்கத்துக்கு அர்த்தம் இல்லை.

இதுவரை வந்த 12½ நிமிடம் புதுப் பெட்டரிக்கு உரியது. இப்படியான தாள்கள் பொதுவாகப் புதிய பெட்டரி, முழுச் சார்ஜ், 25 பாகை செல்சியஸ் என்ற நிலைக்கு எழுதப்படுகின்றன. உங்கள் கடையில் இந்த மூன்றில் இரண்டு இல்லை. நுவரெலியாப் பக்கத்தின் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான், சனவரி விடியற்காலையில் இன்னும் கீழே போகும். குளிரில் ஈய அமிலப் பெட்டரி 25 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று வீதம் கொள்ளளவை இழக்கும். 15 பாகையில் நூற்றுக்குத் தொண்ணூறுதான். வயதும் அப்படித்தான். கொள்ளளவு நூற்றுக்கு எண்பதுக்கு இறங்கினால் அந்தப் பெட்டரியை மாற்ற வேண்டும் என்பது துறையில் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை. யூபிஎஸ் பெட்டரிகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடத்தில் அங்கே வந்து சேர்கின்றன.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, 12½ நிமிடத்தில் நூற்றுக்கு இருபதைக் கழிப்பது. கொள்ளளவு இருபது வீதம் குறைந்தால் நேரம் அதைவிடக் கூடுதலாகக் குறையும். ஏனென்றால் சிறுத்துப்போன பெட்டரிக்கு அதே லோட் முன்னைவிடப் பாரமாகிவிடுகிறது. ஆகவே நேரத்தைத் தொடாதீர்கள், லோடைப் பெரிதாக்குங்கள். பெரிய பெட்டரித் தொகுதிகளைத் திட்டமிடும் பொறியியலாளர்கள் செய்வதும் இதுதான்: வயதுக்கு லோடை 1.25ஆல் பெருக்குவார்கள், 15 பாகைக் குளிருக்கு 1.11ஆல் பெருக்குவார்கள். உங்கள் 140ஐ இரண்டாலும் பெருக்கினால் 194 வொட். இப்போது அந்த 194ஐத் தாளில் பாருங்கள். 200க்கு 8 நிமிடம் என்று போட்டிருக்கிறது, 194க்கு அதைவிட ஒரு சொட்டுக் கூட. உங்கள் எட்டு நிமிடம் அங்கேதான் இருக்கிறது.

இதில் உறுதியானது எது, உத்தேசம் எது என்பதையும் சொல்ல வேண்டும். லோட் ஏறினால் பெட்டரி தரும் மொத்தம் குறையும் என்பதும், நேர்கோட்டு வாசிப்பு கூட்டிக் காட்டும் என்பதும், குளிரும் வயதும் நேரத்தைக் குறைக்கும் என்பதும் உறுதி. 1.25, 1.11 என்ற எண்கள் உத்தேசம். யூபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் பெட்டரி அறையைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும், ஆகவே குளிரின் பங்கு கொஞ்சம் குறையலாம், வயதின் பங்கு கூடலாம். எட்டு என்ற விடையில் ஒரு நிமிடம் முன்பின் இருப்பதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க வேண்டாம்.

அதனால்தான் ஒரே ஒரு தடவை நீங்களே அளந்து பார்ப்பது இந்த உத்தேசங்களைவிட மேல். முதல் நாள் இரவு முழுவதும் யூபிஎஸ்ஸைச் சார்ஜில் விடுங்கள். காலையில் அதே 140 வொட் லோடைப் போடுங்கள், ஆனால் திறந்து வைத்த வேலை எதுவும் இருக்கக் கூடாது. 100 வொட், 40 வொட் இழை பல்ப் இரண்டு கிடைத்தால் கொம்பியூட்டருக்குப் பதிலாக அவற்றைப் போடுவது இன்னும் நல்லது, லோட் ஆடாமல் நிற்கும். கரண்ட்டை நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டாம், சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணையுங்கள். பிடுங்கினால் எர்த் அறுந்துவிடும். முழுவதும் அணையும் வரை நேரம் பிடித்து, உடனேயே திரும்பச் சார்ஜில் போடுங்கள். வெறுமையாகக் கிடக்கும் ஈயப் பெட்டரி ஒவ்வொரு நாளும் கெடும். இந்தச் சோதனையை அடிக்கடி செய்யவும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

எட்டு நிமிடம் வந்தால், தாளில் அந்த எட்டுக்கு எதிரே இருப்பது 200 வொட், நீங்கள் போட்டது 140. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறக்குறைய 1.4. இதுதான் இன்றைக்கு உங்கள் பெட்டரியின் எண். தாளின் ஓரத்தில் திகதியோடு எழுதி வையுங்கள். இனி எந்த லோடையும் 1.4ஆல் பெருக்கிவிட்டுத் தாளைப் பார்த்தால் போதும். மொனிட்டர், ரவுட்டரோடு ஒரு சின்ன லெப்டொப், மொத்தம் 50 வொட் என்று வையுங்கள். தாள் 45 நிமிடம் என்கிறது. 50ஐ 1.4ஆல் பெருக்கினால் 70. 50க்கும் 100க்கும் பெருக்கல் நடு 71, நேரம் 45க்கும் 20க்கும் நடு, 30 நிமிடம். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 45 அல்ல, அரை மணித்தியாலம். அடுத்த சோதனையில் அந்த 1.4 என்பது 1.6, 1.7 என்று ஏறினால் பெட்டரி இறங்குவது கண்முன்னே தெரியும்.

தாளின் இரண்டு முனைகளிலும் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. கீழ் முனையில், ரவுட்டர் மட்டும் 10 வொட் என்று போட்டால் தாளை நீட்டிப் பார்த்து நான்கைந்து மணித்தியாலம் என்று கணிக்கத் தோன்றும். அங்கே யூபிஎஸ் தன்னை ஓட்டிக்கொள்ள எடுப்பதே ரவுட்டரின் அளவுக்கு வந்துவிடும், நேரம் அவ்வளவு நீளாது. லோட் மிகச் சிறிதாக இருந்தால் தானாகவே அணைந்துவிடும் மொடல்களும் உண்டு. மேல் முனையில், 300 வொட்டுக்கு மேலே, வயதான பெட்டரி 3 நிமிடம் தராமல் சுவிட்சை அணைத்த கணமே விழுந்துவிடக்கூடும், உள்தடை ஏறியிருப்பதால் வோல்டேஜ் தொடக்கத்திலேயே இறங்கிவிடும். லேசர் பிரின்டரை இந்த யூபிஎஸ்ஸில் போடவே வேண்டாம். அதன் சூடாக்கி ஒவ்வொரு தடவையும் சில நூறு வொட்டை ஒரே இழுப்பாக இழுக்கும்.

தாளால் சொல்லவே முடியாத ஒன்று, சார்ஜ் முழுமையாக இல்லாத நேரம். முழுவதும் இறங்கிய பெட்டரி மீண்டும் நூற்றுக்குத் தொண்ணூறு ஏற ஆறு முதல் எட்டு மணித்தியாலம் எடுக்கும். காலையில் ஒரு தடவை கரண்ட் போய், ஒரு மணித்தியாலம் வந்து, மறுபடி போனால் அந்த இரண்டாவது தடவைக்கு எட்டு நிமிடத்தை எதிர்பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். நீண்ட தோட்ட லைனின் கடைசியில் வோல்டேஜ் இறங்கும்போது பல்ப் எரிந்துகொண்டே இருக்கும், யூபிஎஸ் மட்டும் டிக் என்று பெட்டரிக்கு மாறி இரண்டு பீப் அடித்துவிட்டுத் திரும்பும். அப்படி ஒரு நாளில் இருபது முப்பது தடவை நடந்தால், கரண்ட் போகவே இல்லை என்று நீங்கள் நினைக்கும் நாளில்கூடப் பெட்டரி அரைகுறையாகத்தான் இருக்கும். எட்டு நிமிடம் திடீரென்று ஒரு நாள் நான்காகத் தெரிந்தால், பெட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அன்றைக்கு எத்தனை தடவை அந்த டிக் சத்தம் கேட்டது என்று யோசியுங்கள். ஓர் இரவு முழுச் சார்ஜுக்குப் பிறகும் நான்கே வந்தால் அப்போது பெட்டரிதான் காரணம்.

உங்கள் கடைக்கு இப்போது நான் சொல்லக்கூடியது, கரண்ட் போய் நான்காவது நிமிடத்தில் எல்லாவற்றையும் சேமித்து மூடத் தொடங்குங்கள். மூடும்போது Update and shut down என்பதைத் தொட வேண்டாம், அது எத்தனை நிமிடம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் ஆறு மாதத்துக்குள் பெட்டரி வாங்கப் பணத்தை ஒதுக்கி வையுங்கள். குளிர்ந்த இடத்தில் இந்தப் பெட்டரிகள் மெதுவாகத்தான் முதுமையடையும், பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. உங்கள் நிமிடங்களை எடுக்கும் அதே குளிர்தான் கொழும்புக் கடை ஒன்றைவிட உங்களுக்கு ஒன்றிரண்டு வருடம் கூடவும் தருகிறது.

வாங்கும்போது 12 வோல்ட் 9 ஆம்பியர் மணி பெட்டரியைக் கேட்கலாம். நீளம் 151, அகலம் 65, உயரம் 94 மில்லிமீட்டர் என்று 7ஐப் போன்ற அதே உடம்பிலேயே அது வருகிறது. லோடை 7ஆல் பெருக்கி 9ஆல் வகுத்துத் தாளைப் பார்த்தால் உங்கள் 140 வொட் 109 ஆகிவிடும், புதிதில் 25 பாகையில் 18 நிமிடம் வரை தரும், உங்கள் குளிரில் அதைவிட ஓரிரு நிமிடம் குறையும். சார்ஜ் ஏறவும் அதே வீதத்தில் கூட நேரம் எடுக்கும். 300 வொட்டுக்கு மேல் ஓட்டுபவர் என்றால் இதைச் சொல்லமாட்டேன், சின்ன யூபிஎஸ்ஸின் டிரான்ஸ்போமர் அந்தச் சூட்டை நீண்ட நேரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. கடையில் பணம் கொடுப்பதற்கு முன் பெட்டரியின் மேலுள்ள தயாரித்த திகதியைப் பாருங்கள், ஒரு வருடத்துக்கு மேல் அலுமாரியில் இருந்ததை வாங்க வேண்டாம். முனைத் தகட்டின் அகலத்தையும் பாருங்கள். 4.8 மில்லிமீட்டரும் உண்டு, 6.3உம் உண்டு, 9 ஆம்பியர் மணியில் பெரும்பாலும் 6.3தான். உங்கள் யூபிஎஸ் வயரின் கிளிப் 4.8ஆக இருந்தால் அதைக் குறட்டால் விரித்து ஏற்றாதீர்கள். தளர்வாக நின்று 14 ஆம்பியரில் அந்த இடமே சூடாகி இளகும். சரியான அளவு கிளிப்பை வயரில் மாற்றிப் போடுங்கள், சிவப்பு சிவப்பிலேயே நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.